கசிவது சிலிண்டரா, சுவரிலுள்ள குழாயா? வீட்டுக்காரருக்கு எழுதும் முன்

வாடகை வீட்டுச் சமையலறையில் கேஸ் வாடை வந்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொள்ளும். குடியிருப்பவர் ஓனருக்குப் போன் போடுவார்: "சார், கிச்சன்ல கேஸ் வாடை வருது." மறுமுனையிலிருந்து பதில் வரும்: "சிலிண்டர் உங்க பேர்லதானே இருக்கு? ஏஜென்சிக்குச் சொல்லுங்க." ஏஜென்சியிலிருந்து வரும் மெக்கானிக் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பார்ப்பார். "நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு. சுவத்துக்குள்ள போற பைப் வீட்டுக்காரர் போட்டது, அதுல நாங்க கை வைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மூன்று பேரும் அவரவர் அளவில் பொய் சொல்லவில்லை. ஆனால் கசிவு மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த முட்டுக்கட்டையை உடைப்பது ஓனருக்கு எழுதும் கடிதம்தான். ஆனால் "வாடை வருகிறது, தயவுசெய்து கவனிக்கவும்" என்று எழுதினால் போனில் வந்த பதிலே திரும்பவும் வரும். எந்த மூட்டில் கசிகிறது, அந்த மூட்டு யாருடையது, சமையலறைக்குள் காற்று எங்கே அடைபட்டிருக்கிறது என்ற மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும். அதற்கு, எழுத உட்காருவதற்கு முன்னால் கொஞ்சம் வேலை இருக்கிறது.

அந்த வேலைக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாடை பலமாக இருந்தால் அது கடிதம் எழுதும் நேரமில்லை. ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வீட்டிலுள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதே விதிதான். வாடையை வெளியேற்றலாம் என்று கை தன்னால் அந்த சுவிட்சைத்தான் தேடும். சுவிட்சுக்குள் எழும் சின்னப் பொறி போதும், அறையிலுள்ள வாயு பற்றிக்கொள்ள. வெளியே வந்த பிறகு கைபேசியில் 1906 என்ற எண்ணை அழையுங்கள். சமையல் எரிவாயுக் கசிவுக்காகவே நாள் முழுவதும் இயங்கும் அவசர எண் அது.

இந்தக் கட்டுரை பேசுவது வேறு வகைக் கசிவை. காலையில் சமையலறைக் கதவைத் திறக்கும்போது லேசாக மூக்கில் படும். சமைக்கத் தொடங்கியதும் தெரியாமல் போய்விடும். பத்து நாள் கழித்துத் திரும்ப வரும். சிலிண்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீரும். அலட்சியப்படுத்த எளிதான கசிவு இது, அதனாலேயே ஆபத்தானது.

நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அதற்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே எழாது. தரையோடு படரும், மேடைக்குக் கீழேயுள்ள அலமாரிக்குள் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். பத்தடி நீளமும் எட்டடி அகலமும் உள்ள சமையலறையில் தரையிலிருந்து ஓரடி உயரம் வரைக்கும் மட்டும் வாயு படர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த அடுக்கு தீப்பற்றும் நிலையை எட்ட ஏறக்குறைய நூறு கிராம் வாயு போதும். ஒரு சின்ன பர்னர் ஒரு மணி நேரத்தில் எரிக்கும் அளவுதான் அது. 14.2 கிலோ சிலிண்டரில் நூறு கிராம் குறைந்தால் யாருக்கும் தெரியாது.

காற்றோட்டக் குறையைத் தனிப் புகாராக எழுதாமல், கசிவோடு சேர்த்து ஒரே கடிதத்தில் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் இருப்பது சுவரின் உச்சியில். வாயு கிடப்பது தரையில். ஃபேன் நன்றாக ஓடினால்கூடத் தரையில் கிடக்கும் வாயுவை அது முழுதாக இழுத்துவிடாது. அதை வெளியேற்றுவது கீழ்மட்டத்தில் உள்ள திறப்பு: பால்கனிக் கதவு, கதவுக்கு அடியிலுள்ள இடைவெளி, தரையை ஒட்டிய ஜாலி. இவற்றை அடைத்த சமையலறையில் சின்னக் கசிவும் பெரிய கசிவுதான். தனித்தனிக் கடிதமாக எழுதினால், இரண்டுமே சில்லறைக் குறைகளாகத் தெரியும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் பல அடுக்ககங்களில் காணக்கூடிய அமைப்புதான். மூன்றாம் மாடி. சிலிண்டர் பின்பக்கச் சர்வீஸ் பால்கனியில் நிற்கிறது. அங்கிருந்து ஒரு செம்புக் குழாய் சுவருக்குள் புகுந்து, சமையலறை மேடைக்கு அடியில் வெளியே வந்து, ஒரு பித்தளை வால்வில் முடிகிறது. வால்விலிருந்து அடுப்புக்கு ரப்பர் ஹோஸ். குழாயையும் வால்வையும் ஓனர் வீடு கட்டும்போதே பதித்துவிட்டார். சமையலறையிலிருந்து அந்தப் பால்கனிக்கு ஒரு ஜன்னல் இருந்தது. மழைச்சாரல் வருகிறது என்று அதற்கு அசையாத கண்ணாடி போட்டு மூடிவிட்டார். எக்ஸாஸ்ட் ஃபேன் திறப்பது கட்டிடத்தின் நடுவிலுள்ள ஷாஃப்டுக்குள். குப்பையும் மழையும் விழக் கூடாது என்று மொட்டை மாடியில் அந்த ஷாஃப்டின் வாயைத் தகரத்தால் மூடியிருக்கிறார்கள்.

கசிவு எந்தப் பகுதியில் என்பதை மூன்று நாள் கவனித்தாலே ஓரளவு சொல்லிவிடலாம். முதல் இரவு ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். காலையில் அப்போதும் வாடை இருந்தால் கோளாறு சிலிண்டர் வால்விலோ அதற்குள்ளிருக்கும் ரப்பர் வளையத்திலோ இருக்கிறது. ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு வரும் பாதுகாப்பு மூடியைப் போட்டு, திறந்த வெளியில் வைத்துவிட்டு ஏஜென்சியைக் கூப்பிட வேண்டியதுதான். இதில் ஓனருக்கு வேலையே இல்லை. வாடை இல்லையென்றால், அடுத்த இரவு ரெகுலேட்டரைத் திறந்து வைத்து, மேடைக்கு அடியிலுள்ள பித்தளை வால்வை மட்டும் மூடுங்கள். பால்கனிக் கதவு திறந்தே இருக்கட்டும். இப்போது வாடை வந்தால் கசிவு ரெகுலேட்டருக்கும் அந்த வால்வுக்கும் இடையில். வராவிட்டால் அது வால்வைத் தாண்டி, ஹோஸிலோ அடுப்பின் நாபிலோ இருக்கிறது. அந்தச் செலவு நம்முடையது.

நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் இரண்டாம் இரவுக்குப் பிறகு வாடை வந்தது என்று வைப்போம். அடுத்து ஏஜென்சி மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் தடவிப் பார்ப்பதுதான் இன்றைக்கும் நம்பகமான சோதனை. கசியும் இடத்தில் குமிழ் வந்து பெருகும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். நம் வீட்டில் ரெகுலேட்டரில் குமிழ் இல்லை, ஹோஸின் இரு முனையிலும் இல்லை. குழாய் சுவரைவிட்டு வெளிவந்து வால்வோடு சேரும் நட்டில் குமிழ் வருகிறது. சுவரில் குழாய் நுழையும் துளையிலும் லேசாக வாடை அடிக்கிறது. சுவருக்குள்ளேயும் ஒரு மூட்டு இருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. பதித்த குழாயில் மூட்டே இருக்கக் கூடாது. ஒரே துண்டாக, ஒரு உறைக்குழாய்க்குள் சுவரைக் கடக்க வேண்டும். மூட்டு சுவருக்குள் புதைந்துவிட்டால் சோப்புத் தண்ணீர் அங்கே எட்டாது.

மெக்கானிக் பார்த்ததை வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். சோதனைச் சீட்டில் "சிலிண்டர், ரெகுலேட்டர், ஹோஸ் சரி, சுவர்க் குழாய் வால்வு மூட்டில் கசிவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். குமிழ் வரும்போது கைபேசியில் வீடியோ எடுக்கலாம் என்று தோன்றும். ரெகுலேட்டரை மூடி, அறை நன்றாகக் காற்றாடிய பிறகு, குழாயையும் வால்வையும் மட்டும் படமெடுத்தால் போதும். கூடவே ஹோஸையும் பாருங்கள். எஃகுக் கம்பி வலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா ஹோஸின் ஆயுள் ஐந்து ஆண்டு. அந்தக் காலம் தாண்டியிருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள். நம் பங்கில் பாக்கி வைத்துக்கொண்டு ஓனரிடம் கேட்டால், அவர் முதலில் கை வைப்பது அதில்தான்.

காற்றோட்டத்துக்கும் இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. கேஸ் வாடை சுத்தமாக இல்லாத நேரத்தில் ஃபேனைப் போட்டு, ஒரு மெல்லிய டிஷ்யூ தாளை உட்பக்கக் கம்பிக்கு அருகில் கொண்டுபோங்கள். நன்றாக இழுக்கும் ஃபேனில் தாள் ஒட்டி நிற்கும். சமையலறைக் கதவைச் சாத்தும்போது தாள் விழுந்து, கதவைத் திறந்ததும் ஒட்டினால், வெளியேறும் வழி சரி, உள்ளே காற்று வர வழியில்லை என்று பொருள். கதவு திறந்திருந்தும் தாள் நிற்கவில்லை என்றால் அடைப்பு வெளிப்பக்கம். நம் வீட்டில் இரண்டும் இருக்கிறது: ஜன்னல் அடைத்திருப்பதால் காற்று வர வழியில்லை, ஷாஃப்ட் மூடியிருப்பதால் போகவும் வழியில்லை. கீழ்வீட்டு மீன் குழம்பு வாசம் நம் ஃபேன் வழியாக உள்ளே வருவது இதற்கு இன்னொரு சாட்சி. ஆனால் இந்தச் சோதனைக்கு முன்னால் ஃபேனின் இறக்கையையும் தட்டியையும் பிசுக்குப் போகக் கழுவிவிட வேண்டும். அது குடியிருப்பவர் வேலை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஃபேனைக் காட்டி ஷாஃப்டைக் குறை சொன்னால் எடுபடாது.

அடுப்புச் சுடரும் சாட்சி சொல்லும். ஒரு பங்கு வாயு முழுதாக எரிய 24 முதல் 31 பங்கு காற்று வேண்டும். காற்று போதாமல் போனால் நீலச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி படியும். அதோடு, வாடையும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சமைக்கும்போது மட்டும் தலைவலி வந்து, வெளியே வந்தால் சரியாகிறது என்றால் அதையும் கடிதத்தில் எழுதலாம். ஆனால் பர்னர் துளை அடைத்திருந்தாலும் சுடர் மஞ்சளாகும். ஆகையால் பர்னரையும் முதலில் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள்.

இனி கடிதத்தை எழுதலாம்.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். தங்களுக்குச் சொந்தமான மேற்படி முகவரியில், மூன்றாம் மாடி வீட்டில் நான் வாடகைக்கு இருந்து வருகிறேன். சமையலறையில் எரிவாயு கசிவது பற்றி ஜூன் 7 காலை தங்களிடம் போனில் தெரிவித்தேன். ஜூன் 9 அன்று எரிவாயு ஏஜென்சியின் மெக்கானிக் வந்து சோதித்தார். என் பெயரில் உள்ள சிலிண்டர், ரெகுலேட்டர், ஹோஸ் மூன்றிலும் கசிவு இல்லை. வீட்டோடு தாங்கள் பதித்துக் கொடுத்த செம்புக் குழாய், மேடைக்குக் கீழே பித்தளை வால்வோடு சேரும் மூட்டில் கசிகிறது. சுவருக்குள் மூட்டு இருக்கக்கூடும் என்றும் அவர் கருதுகிறார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகலும் புகைப்படங்களும் இணைத்திருக்கிறேன்.

அன்று முதல் அந்தக் குழாயைப் பயன்படுத்தவில்லை. சிலிண்டரைக் கழற்றி மூடி போட்டு வைத்துவிட்டு, இண்டக்ஷன் அடுப்பில் சமைத்து வருகிறோம்.

சமையலறையிலிருந்து பால்கனிக்குத் திறக்கும் ஜன்னல் அசையாத கண்ணாடியால் மூடப்பட்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழுவிச் சோதித்தும் காற்று வெளியேறவில்லை. மொட்டை மாடியில் ஷாஃப்டின் மேல் தகரம் மூடியிருப்பதே காரணம் என்று தெரிகிறது. கசியும் வாயு காற்றைவிடக் கனமானது. இந்த நிலையில் அது வெளியேற வழியின்றித் தரையில் தேங்குகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

தாங்கள் செய்து தர வேண்டுவது: சுவரிலுள்ள குழாயையும் வால்வையும் எரிவாயுக் குழாய் வேலை தெரிந்தவரைக் கொண்டு மாற்றி, அழுத்தச் சோதனை செய்து, அதை எழுத்தில் பெற்றுத் தருதல், ஜன்னலைத் திறந்து மூடும்படி மாற்றுதல், ஷாஃப்டின் தகரத்தைச் சுற்றிலும் காற்றுப் போகும்படி உயர்த்தி அமைத்தல். குழாய் வேலையை ஜூன் 16க்குள்ளும் மற்ற இரண்டையும் ஜூன் 30க்குள்ளும் முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலையாட்கள் வர நாளும் நேரமும் சொன்னால் வீட்டில் இருப்போம். இப்படிக்கு..."

இந்தக் கடிதத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. "என் பெயரில் உள்ள", "தாங்கள் பதித்துக் கொடுத்த" என்ற இரண்டு சொற்றொடர்களில்தான் அதன் முதுகெலும்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் பராமரிப்பு வேலைகளை இரு தரப்புக்கும் பிரித்துக் கொடுக்கிறது. கட்டிடம் சார்ந்த பழுது, குழாய்களை மாற்றுவது, மின்கம்பி வேலை போன்றவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், சமையலறைப் பொருத்துகளின் பழுது போன்றவை வாடகைதாரருக்கு. கேஸ் குழாய் என்று பெயர் சொல்லி எதுவும் இல்லாததால், "இதுவும் கிச்சன் பொருத்துதானே" என்று ஓனர் வாதாட இடம் இருக்கிறது. சுவரில் பதித்து வீட்டோடு கொடுத்த குழாய் கட்டிடத்தின் பகுதி என்பது என் பார்வை. அந்த வாதத்துக்கு அடிப்படையாக, அது எங்கே இருக்கிறது, யார் போட்டது என்ற தகவல் கடிதத்திலேயே இருக்க வேண்டும். ஷாஃப்டும் ஜன்னலும் கட்டிடம் சார்ந்தவை என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு விரைவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதையும் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்ககமாக இருந்து ஷாஃப்ட் எல்லோருக்கும் பொது என்றால், குடியிருப்போர் சங்கத்துக்கும் ஒரு நகல் போகட்டும். தகரத்தை எடுக்கும் அதிகாரம் ஓனர் ஒருவர் கையில் இல்லாமல் இருக்கலாம்.

சொன்ன நாளுக்குள் வேலை நடக்கவில்லை என்றால் வாடகையை நிறுத்திவிடச் சொல்லும் நண்பர்கள் வருவார்கள். நிறுத்தாதீர்கள். வாடகை பாக்கி என்ற ஒன்றை வைத்தே ஓனர் வழக்கைத் தன் பக்கம் திருப்பிவிட முடியும். தம் பொறுப்பிலுள்ள பழுதை உரிமையாளர் நியாயமான காலத்துக்குள் பார்க்க மறுத்தால், வாடகைதாரரே வேலையை முடித்துச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒரு மாதத்தில் கழிப்பது வாடகையில் பாதிக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். மாத வாடகை 16,000 ரூபாய், குழாய் மாற்றிய பில் 9,500 ரூபாய் என்றால், இந்த மாதம் 8,000 கழிக்கலாம். மீதி 1,500 அடுத்த மாதம். கழிக்கும் முன் பில்லின் நகலோடு இன்னொரு கடிதம் போட வேண்டும். ஆனால் ஜன்னலை உடைப்பது, ஷாஃப்டில் கை வைப்பது போன்ற கட்டிட வேலைகளை ஓனர் சம்மதமில்லாமல் நாமே செய்துவிடக் கூடாது. அதற்கு வாடகை அதிகார அமைப்புகளை நாட வேண்டும். பழுது பார்க்காமல் வசிக்கவே முடியாத நிலை என்றால், எழுத்தில் முன்னறிவிப்பு கொடுத்து வீட்டைக் காலி செய்யவும் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்த வழிகளில் எதற்குப் போனாலும் முதலில் கேட்பது இரண்டு தாள்களைத்தான்: வாடகை ஒப்பந்தம், உரிமையாளருக்கு எழுதிய கடிதம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்களுக்கு இங்கே கை தளர்ந்துவிடும். அவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு அடுத்த அடி வைப்பது நல்லது.

ஓனர் உடனே ஆளை அனுப்பிவிட்டால், அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. வருபவர் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் வேலை செய்யும் பிளம்பர். நட்டை இறுக்கி, டெஃப்லான் டேப் சுற்றி, எம்-சீல் வைத்துப் பூசிவிட்டு "இனி வராது சார்" என்பார். அன்றைக்கு வாடை நிற்கும். எம்-சீல் பூசிய மூட்டை மறுபடி சோப்புத் தண்ணீர் போட்டு ஒழுங்காகச் சோதிக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. குழாயைச் சுவருக்கு வெளியே, கண்ணில் படும்படி புதிதாக ஓட்டுவதே பழைய வீடுகளுக்குச் சரியான தீர்வு. வேலை முடிந்ததும் குழாயின் இரு முனையையும் அடைத்து, காற்றழுத்தம் ஏற்றி, அளவியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் மெதுவாக இறங்கினாலும் எங்கோ கசிகிறது. அதன் பிறகுதான் ரெகுலேட்டர். கடைசியாக ஏஜென்சி மெக்கானிக்கை மறுபடி அழைத்து, ஓனரோ அவர் அனுப்பிய ஆளோ உடனிருக்க, எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்து, "கசிவு இல்லை" என்று தேதியோடு புதுச் சீட்டு வாங்கி, பழைய சீட்டோடு சேர்த்துக் கோப்பில் வைத்த பிறகு அடுப்பைப் பற்றவைக்கலாம்.